காது கேளாதவருக்கு எழுத்துதானே வாத்தியார்!

சேலம், நாமக்கல் பக்கம் காது கேளாத மாணவர் செல்போனில் பாடம் பார்த்தால், திரைக்கு அடியில் ஓடும் எழுத்துதான் அவருக்கு வாத்தியார். அந்த எழுத்தை மிஷினே போட்டால் என்ன ஆகும்? இங்கிலீஷ் பாடத்தில் 'கேன்ட்' என்று சொன்னது 'கேன்' என்று விழுந்துவிடும். "முடியாது" என்பது "முடியும்" ஆகிவிடும்! காது கேட்கிறவர் சிரிச்சுட்டுப் போவார். கேளாதவரோ அதையே பரீட்சையில் எழுதி மார்க்கைக் கோட்டை விடுவார். தப்பு என்று அவருக்கு எப்படித் தெரியும்?

சென்னை ஐ.ஐ.டி.யில் இருந்து நடக்கும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் பலவற்றுக்கு, பேச்சு முழுவதும் எழுத்தாகவே கிடைக்கிறது. சிலவற்றுக்குத் தமிழிலும் உண்டு. வீடியோவுக்கு எழுத்து வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் சொல்கிறது.

நம்ம ஊர் கல்லூரிகளில் வீடியோ போடும் வாத்தியார்களே, வெளியிடும் முன்பு எழுத்தை ஒரு தடவை படிச்சுப் பார்த்துத் திருத்தினால் என்ன?