சம்பளச் சிட்டை குசினியில் செல்லாது

ஒருநாள் கன்ரீனில் தேத்தண்ணி குடிக்கப் போன இடத்தில் எங்களுக்குள் ஒரு சண்டை. எங்களில் ஒருத்தியின் அக்காவைப் பற்றித்தான் கதை. அக்கா அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் ரீச்சர். மாதம் கிட்டத்தட்ட 70,000 ரூபா வரும். அத்தான் ஒரு மென்பொருள் கம்பனியில், 240,000 ரூபா. நாலு வயதில் ஒரு பிள்ளை. அக்கா விடிய நாலரைக்கு எழும்பிச் சமைக்கிறா, அத்தான் ஆறரை மட்டும் படுக்கிறார் என்று தங்கச்சிக்காரி சொல்ல, எங்கட பெடியன் ஒருத்தன் டக்கெண்டு கேட்டான்: "அவர் மூண்டு மடங்குக்கு மேல உழைக்கிறார். அப்ப வீட்டு வேலையை அவா கூடச் செய்யிறதுதானே நியாயம்?"

இந்தக் கேள்வியை நாங்கள் எல்லாரும் எங்கேயோ ஒரு இடத்தில் கேட்டிருக்கிறம். கலியாணப் பேச்சில், சொந்தக்காரர் வீட்டில், சில நேரம் எங்கட அம்மாமாரின் வாயாலேயே. கேட்க நியாயம் மாதிரித்தான் இருக்கும். அதனால் கோபப்படாமல் கணக்குப் போட்டே பார்ப்பம் என்று முடிவெடுத்தம். அக்காவும் அத்தானும் சம்மதிச்சு, ஒரு கிழமை முழுக்க ஆளுக்கொரு கொப்பியில் என்ன வேலை, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிஞ்சது என்று எழுதித் தந்தார்கள்.

முதலில் வெளி வேலை. அக்காவுக்குப் பள்ளிக்கூடம் 30 மணித்தியாலம், பஸ்ஸில் போய்வர ஏழரை, கொப்பி திருத்தவும் பாடக்குறிப்பு எழுதவும் ஐந்தரை. மொத்தம் 43. அத்தானுக்கு ஒபிஸ் 45, போய்வர 5, இரவில் வரும் கோல்கள் 3. மொத்தம் 53. அத்தான் வெளியில் பத்து மணித்தியாலம் கூட வேலை செய்கிறார். இதை நாங்கள் மறைக்கவில்லை.

அடுத்தது வீட்டு வேலை. தேங்காய் திருவுவதில் இருந்து சாப்பாடு கட்டிக் கொடுப்பது வரை சமையலுக்கு 18 மணித்தியாலம், பாத்திரமும் குசினியும் 6, வீடு முற்றம் கூட்ட 5, உடுப்புத் தோய்த்துக் காயவிட்டு மடிக்க 5, பிள்ளையைக் குளிப்பாட்டி, தீத்தி, நித்திரையாக்க 12, சந்தையும் பில் கட்டுறதும் 3. எல்லாம் சேர்த்து 49. அதில் அத்தான் செய்தது 7: சந்தையும் பில்லும், பின்னேரம் பிள்ளையோடு கொஞ்ச நேரம், பூங்கன்றுகளுக்குத் தண்ணி. மிச்சம் 42 உம் அக்கா.

இரண்டையும் கூட்டுங்கள். அக்கா கிழமைக்கு 85 மணித்தியாலம் வேலை செய்கிறா, அத்தான் 60. இருபத்தைந்து மணித்தியால வித்தியாசம். ஒரு நாளுக்கு மேலேயே அக்காவின் நேரம் காணாமல் போகுது.

இப்ப பெடியனின் நியாயத்துக்கு வருவம். சம்பளம் கூடினவர் வீட்டு வேலையைக் குறைச்சுச் செய்யலாம் என்றே வைத்துக்கொள்ளுவம். வீட்டுக்கு வரும் 310,000 ரூபாவில் அக்காவின் பங்கு நூற்றுக்கு 23 அளவில். அப்படியென்றால் அத்தான் வீட்டு வேலையில் நூற்றுக்கு 23 ஆவது செய்யவேணும். அது 11 மணித்தியாலம். அவர் செய்தது 7. அதாவது, அவருக்குச் சாதகமான அந்த நியாயத்தின்படி பார்த்தாலும் அவர் கடன்காரர்தான். சம்பளத்தைக் காட்டுகிறவர்கள் ஒருநாளும் இந்தக் கணக்கை முடிவுவரை போட்டுப் பார்ப்பதில்லை. "நான் கூட உழைக்கிறன்" என்ற வசனத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

ஆனால் அந்த நியாயமே பிழை என்கிறம் நாங்கள். சம்பளம் என்பது உங்கட ஒரு மணித்தியாலத்துக்குச் சந்தை வைத்த விலை. மென்பொருள் எழுதினால் ஒரு விலை, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தால் இன்னொரு விலை. அந்த விலையை அத்தானும் போடவில்லை, அக்காவும் போடவில்லை. களைப்பு விலையைப் பார்த்து வருவதில்லை. நாற்பது பிள்ளைகளோடு கத்திவிட்டு, பஸ்ஸில் நின்றபடி வாற உடம்புக்கு, தன் சம்பளம் குறைவு என்று தெரியாது. புட்டு அவிக்கிற நேரமும் சம்பளத்தைப் பார்த்துக் கூடிக் குறையாது. அதனால் வீட்டு வேலையைப் பிரிக்கிற அளவுகோல் ரூபா இல்லை, நேரம். வெளி வேலை, பயணம், வீட்டு வேலை மூன்றையும் கூட்டினால் இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வரவேணும். அப்பதான் இரண்டு பேருக்கும் ஒரே அளவு ஓய்வு மிஞ்சும்.

அந்த அளவுகோலில் எங்கட கணக்கு இப்படி வரும். 43 உம் 53 உம் 49 உம் சேர்ந்தால் 145. பாதி எழுபத்திரண்டரை. அக்கா வீட்டில் செய்யவேண்டியது இருபத்தொன்பதரை, அத்தான் செய்யவேண்டியது பத்தொன்பதரை. கவனியுங்கள்: இதிலும் அக்காதான் வீட்டில் கூடச் செய்கிறா. அத்தானின் வெளி நேரம் கூட என்பதற்கு அந்தப் பத்து மணித்தியாலம் கழிந்துவிட்டது. அதற்கு மேல் அவருடைய பெரிய சம்பளத்துக்காக இன்னும் கழிக்கச் சொல்வது ஒரே பொருளுக்கு இரண்டு தரம் காசு வாங்குகிற வேலை.

"சம்பளம்தான் காரணம், ஆம்பிளை பொம்பிளை என்று ஒன்றும் இல்லை" என்று சொல்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. மனிசி கூட உழைக்கிற வீடுகளில் இந்த விதி மறுபக்கம் திரும்புதா? எங்கட ஊர்களில் வங்கியில் பெரிய பதவியில் இருக்கிற அன்ரிமாரைப் பாருங்கள். மனிசன் சின்னக் கடை வைத்திருப்பார். ஆனாலும் விடிய நாலரைக்கு எழும்புவது அன்ரிதான். இது எங்கட ஊரில் மட்டும் இல்லை. மைக்கேல் பிட்மனும் கூட இருந்த ஆய்வாளர்களும் அவுஸ்திரேலியத் தரவுகளை வைத்து 2003 இல் எழுதிய ஆய்வில், மனைவியின் வருமானம் கணவனுடையதுக்குச் சமமாக வரும் வரைக்கும் அவளுடைய வீட்டு வேலை குறைகிறது. அதைத் தாண்டினதும் மறுபடி கூடுகிறது. கூட உழைப்பதற்கு ஒரு பிராயச்சித்தம் மாதிரி. ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிற விதிக்குச் சாட்டு என்றுதான் பெயர்.

இன்னொன்றும் இருக்கு. இந்தச் சம்பள வித்தியாசம் வானத்தில் இருந்து விழவில்லை. அக்கா பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கு மூன்று வருசமாக விண்ணப்பிக்கவில்லை. சேவையில் மேலே போக அது வேணும். வகுப்பு சனி ஞாயிறில். சனி ஞாயிறில்தான் கிழமை முழுக்கச் சேர்ந்த உடுப்பும், கூட்டாத அறைகளும், சமையலும். அதே மூன்று வருசத்தில் அத்தான் இரவிரவாக இரண்டு ஒன்லைன் பாடநெறி முடித்துச் சம்பளம் கூட்டிக்கொண்டார். அவர் படிக்கேக்க சாப்பாட்டுக் கோப்பை மேசைக்கு வந்தது. முதலில் குசினி அக்காவின் சம்பளத்தைக் குறைச்சுது, பிறகு குறைஞ்ச சம்பளம் அக்காவைக் குசினிக்குள் விட்டது. இந்தச் சுற்றுக்குத்தான் "நியாயம்" என்று பெயர் வைக்கிறம்.

காசு இருக்குத்தானே, ஆள் வைக்கலாமே என்று கேட்பீர்கள். வைக்கலாம். ஆனால் அங்கேயும் ஒரு கள்ளக் கணக்கு இருக்கு. "வேலைக்கு வாறவவுக்கு 25,000 குடுத்தா, உன்ர 70,000 இல மிஞ்சுறது 45,000 தானே, நீ வேலைக்குப் போய் என்ன பிரயோசனம்?" ஏன் அவவின் சம்பளத்தில் இருந்து மட்டும் கழிக்கிறீர்கள்? அந்த வேலை அவவுடையது என்று ஏற்கனவே முடிவெடுத்தபடியால்தானே. வாஷிங் மெசின் வாங்கினாலும், கடையில் இடியப்பம் எடுத்தாலும், ஆள் வைத்தாலும், செலவு இரண்டு பேரின் காசில் இருந்தும் வருமானத்தின் அளவுக்குப் போகவேணும். சம்பளச் சிட்டைக்கு வேலை இருக்கிற இடம் அதுதான்: செலவைப் பிரிக்கிற இடம்.

சரி, பன்னிரண்டரை மணித்தியாலத்தை எப்படி அத்தானிடம் மாற்றுவது? எங்கள் ஆட்கள் விடுகிற முதல் பிழை "உதவி" செய்வது. வெங்காயம் உரித்துத் தருவார்கள், அடுத்தது என்ன என்று கேட்டபடி நிற்பார்கள். வேலையை நினைத்து வைத்திருக்கிற பாரம் அக்காவின் தலையிலேயே கிடக்கும். அதனால் துண்டு துண்டாக இல்லாமல் முழு வேலையாகக் கைமாற்றச் சொன்னம். அக்கா ஆறரைக்கு வெளிக்கிடுவா, அத்தான் எட்டுக்கு. எனவே காலைச் சாப்பாடும் பிள்ளையை வெளிக்கிடுத்துவதும் ஏழு நாளும் அத்தானுக்கு. மா முடியப்போகுது என்று கவனிப்பதில் இருந்து சட்டி கழுவுவது வரை. நாளுக்கு ஒன்றேகால் மணித்தியாலம். இரவுப் பாத்திரம் அரை மணித்தியாலம். இரண்டும் சேர்ந்து கிழமைக்குப் பன்னிரண்டேகால். பல்ப் மாற்றுவது, பைக் சேர்விஸ் மாதிரி நாளைக்குத் தள்ளக்கூடிய வேலைகளை இதற்குப் பதிலாக எடுக்க விடவில்லை. பசியைத் தள்ளிப்போட ஏலாது.

முதல் கிழமை நாலு நாள் பாணும் ஜாமும்தான். அத்தான் கழுவின சட்டியை அக்கா திரும்பக் கழுவினா. அதை நிப்பாட்டச் சொன்னம், ஏனென்றால் திரும்பக் கழுவினால் அந்த வேலை திரும்பவும் அவவுடையது ஆகிவிடும். மாமி ரெலிபோனில் "என்ர பிள்ளை குசினிக்க நிக்குதாம்" என்று கவலைப்பட்டா. அந்தக் கோலுக்குப் பதில் சொல்வதும் அத்தானின் வேலை என்று பிரித்தம். இப்ப இரண்டாம் மாதம். ரொட்டியும் சம்பலும் வருது. கொப்பியில் எதிர்பாராத ஒன்றும் தெரிஞ்சுது: முந்தி அக்காவின் பஸ்ஸுக்காகப் பிள்ளையை ஐந்தேமுக்காலுக்கே எழுப்பினது. இப்ப பிள்ளை ஏழு மணி மட்டும் படுக்குது.

எல்லாம் சரிவந்துவிட்டது என்று சொல்லவில்லை. தவணைப் பரீட்சை வந்தால் அக்காவின் மணித்தியாலம் கூடும், அத்தானுக்கு புரொஜெக்ட் முடிக்கிற மாதம் வரும். அப்ப கொப்பியைத் திரும்ப எடுக்கவேணும். சரியாகப் போகுதா என்று அறிய ஒரு சோதனை போதும். அக்கா இரண்டு நாள் வெளியூர் போனால், "உப்பு எங்க?" என்று அத்தான் ரெலிபோன் எடுக்கிறாரா?

கடைசியாக எங்கட பெடியங்களுக்கு. நீங்கள் கம்பஸுக்குக் கிட்ட வீடு எடுத்துத்தான் இருக்கிறீர்கள். சுவரில் முறைப் பட்டியல் ஒட்டியிருக்கு: திங்கள் இவன் சமையல், செவ்வாய் அவன் பாத்திரம். அதில் ஒருத்தனுக்கு வீட்டில் இருந்து கூடக் காசு வருது, ஒருத்தன் மகாபொல மட்டும்தான். கூடக் காசு வாறவன் முறை மாறிப் படுத்தால் விடுவீர்களா? சட்டியை அவன்ர கட்டிலில் கொண்டுபோய் வைப்பீர்கள். அந்தப் பட்டியலைக் கலியாணத்தண்டு கிழிக்காமல் கொண்டு போங்கோ.