கூட்டிப்போக வருபவர் யார்? கடிதத்தில் இருக்கட்டும்

மஸ்கெலியாத் தோட்டங்களில் அம்மா கொழுந்து நிறுத்துவிட்டு மலையிறங்க மாலையாகிவிடும். பாடசாலையோ பகல் 1.30க்கே விட்டுவிடும். அப்பா கொழும்பில் கடை வேலையில் இருந்தால், பிள்ளையைக் கூட்டிவருவது சித்தியோ அம்மாச்சியோதான். "தெரிந்த ஆள்தானே" என்று இருந்துவிடுகிறோம். மாற்றலாகி வந்த புது ஆசிரியருக்கு அவரை எப்படித் தெரியும்?

ஆகவே கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. அதிபருக்கு எழுதும் அக்கடிதத்தில் பிள்ளையின் முழுப்பெயர், தரம், வருபவரின் பெயர், உறவுமுறை, அடையாள அட்டை இலக்கம், எந்தத் திகதி முதல் எதுவரை, பெற்றோரின் தொலைபேசி இலக்கம், கையொப்பம் ஆகியவை இருக்க வேண்டும். அடையாள அட்டைப் பிரதியையும் இணையுங்கள்.

பெயரில்தான் பலர் தவறுகிறார்கள். லயத்தில் "செல்லம்மா" என்று கூப்பிடுவோம். அட்டையில் வேறு பெயர் இருக்கும். அட்டையில் உள்ளதையே எழுதுங்கள். முடிவுத் திகதி இல்லாவிட்டால், உறவு முறிந்த பின்னும் அந்தக் கடிதத்தைக் காட்டலாம். ஆளை மாற்றினால் பழையதை ரத்துச் செய்து புதிதாக எழுதிக் கொடுங்கள்.

கூட்டிப்போக வருபவரே கடிதத்தைக் கொண்டுவருவது பாதுகாப்பல்ல. தாயோ தந்தையோ நேரில் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால், பிள்ளையை அனுப்புமுன் பாடசாலை அவர்களுக்குத் தொலைபேசியில் பேசி உறுதிசெய்ய வேண்டும். அந்த இலக்கம் பாடசாலைப் பதிவில் உள்ளதாக இருக்கட்டும். கடிதத்தில் உள்ளதை மட்டும் நம்பக்கூடாது.

எழுதத் தெரியாதவர்களுக்குத் தோட்டத் தலைவர்மார் எழுதிக் கொடுக்க வேண்டும். வாசித்துக் காட்டிய பிறகே கைநாட்டு வாங்க வேண்டும்.