‘கவனித்து வந்தேன்’ என்னும் சொல்

உயர் பதவிக்கு விண்ணப்பம் செய்யும் கள ஊழியர்களில் பலர், “மண் பரிசோதனைப் பணிகளைக் கவனித்து வந்தேன்” என்று எழுதுகின்றனர். இது பதவியின் கடமையைக் கூறுகிறதேயன்றி, அதை வகித்தவர் செய்ததைக் கூறவில்லை. அதே நாற்காலியில் அமர்ந்து எதுவும் செய்யாதிருந்தவரும் இவ்வாறே எழுதக்கூடும். ஆதலின் பரிசீலிப்பவர் இவ்விருவரையும் பிரித்தறிய வழியில்லை.

இதற்குப் பரிகாரம் அலுவலகப் பதிவேட்டிலேயே உள்ளது. உதாரணமாக ஒரு கள உதவியாளரை எடுத்துக்கொள்வோம். மாதிரி எடுத்த தேதியும், பரிசோதனை முடிவு விவசாயியிடம் சேர்ந்த தேதியும் அவரது பதிவேட்டில் உள்ளன. இரண்டுக்கும் இடையே முதலாண்டில் சராசரி 41 நாட்கள் சென்றன. விதைப்பு முடிந்த பின்னரே பலருக்கு முடிவு கிடைத்தது. எல்லாக் கிராமங்களின் மாதிரிகளும் சேரும் வரை காத்திருந்ததே தாமதத்திற்குக் காரணமென அவர் கண்டார். மறு ஆண்டு கிராமவாரியாக வாரந்தோறும் அனுப்பினார். இடைவெளி 17 நாட்களாயிற்று.

இப்பொழுது அவர் எழுத வேண்டியது இதுவே: “மாதிரிகளை வாரந்தோறும் அனுப்பும் முறையை ஏற்படுத்தி, 920 மாதிரிகளின் முடிவு சேரும் காலத்தைச் சராசரி 41 நாட்களிலிருந்து 17 நாட்களாகக் குறைத்தேன்.” செய்த செயல், அதன் அளவு, முன்னிருந்த நிலை, பின்னர் எய்திய நிலை ஆகிய நான்கும் இதில் அடங்கியுள்ளன. முன்னிருந்த நிலையைக் கூறாவிடில் 17 என்னும் எண்ணுக்குப் பொருளே இல்லை.

எந்த எண்ணைக் கூறுவது என்பதை நாடும் பதவியே தீர்மானிக்கும். ஆய்வுக்கூடப் பதவியாயின், மறுபரிசோதனை செய்த மாதிரிகளில் எத்தனை முதல் முடிவோடு ஒத்திருந்தன என்பதே பயன்படும். விரிவாக்கப் பதவியாயின், நேரில் விசாரித்த 60 விவசாயிகளில் 38 பேர் பரிந்துரைப்படி மணிச்சத்து உரத்தைக் குறைத்தனர் என்பது முதலிடம் பெற வேண்டும். இங்கு 60 என்பதை மறைத்து 38 என்று மட்டும் எழுதுவது முறையன்று.

அவ்வாண்டு விளைச்சலும் உயர்ந்திருக்கலாம். ஆனால் மழையும் நன்கு பெய்திருந்தால், அவ்வுயர்வைத் தமது சாதனையாகக் கூற அவருக்கு உரிமையில்லை. “இதை எவ்வாறு கணக்கிட்டீர்?” என்று நேர்முகத்தில் ஒரே கேள்வி எழுந்தால் அக்கூற்று நிற்காது, அதனுடன் மெய்யான எண்களும் சந்தேகத்திற்கு உள்ளாகும்.

ஆசிரியர்களுக்கும் இது பொருந்தும். “செய்முறை வகுப்புகளை நடத்தினேன்” என்பதைவிட, 42 மாணவர்களில் எத்தனை பேர் ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் துணையின்றித் தராசில் நிறுக்க அறிந்திருந்தனர் என்பதே பணியைக் காட்டும். ஆனால் தொடக்கத்தில் குறித்துவைக்காத எண்ணை ஆண்டிறுதியில் எவராலும் பெற முடியாது. ஆகவே விண்ணப்பம் எழுதும் நாளிலன்று, பதவியேற்கும் முதல் வாரத்திலேயே அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.