எந்தக் கிலோ?

சித்தாண்டியில் காலையில் மீன்கார அண்ணன் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு வந்தால், வாசலில் முதல் கேள்வி "கிலோ எவ்வளவு?" என்பதுதான். எந்தக் கிலோ என்று நாங்கள் கேட்பதேயில்லை. விலையைவிட அதைத்தான் முதலில் கேட்க வேணும் என்பது எங்கட வாதம்.

ஒரே சாமானுக்கு மூன்று நிறை இருக்கு. முழுசாக நிறுத்தது, துப்புரவாக்கினது, கடைசியில் நாங்கள் சாப்பிட்டது. ஒரு ஆள் முதலாவதுக்கு விலை சொல்லுவார், இன்னொருவர் இரண்டாவதுக்குச் சொல்லுவார். இரண்டும் நேர்மையான வியாபாரந்தான். ஒப்பிடுகிற நாங்கள்தான் பிழை விடுறோம்.

விலை நாளுக்கு நாள் மாறும். அதால ஒரு கணக்குக்காக முழுத் திலாப்பியா கிலோ 700 ரூபாய், வெட்டின சூரைத் துண்டு 1600 என்று வைப்போம். சூரை இரண்டு மடங்குக்கு மேலே விலை போலத் தெரியும். ஆனால் திலாப்பியாவில் செதிலும் பூவும் குடலும் போக 800 கிராம் அளவுதான் சட்டிக்குப் போகும். தலையெலும்பும் நடுமுள்ளும் கோப்பையில் மிஞ்ச, வயிற்றுக்குள் போறது 450 கிராம் அளவு. 700ஐ 0.45ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 1555 ரூபாய். சூரைத் துண்டில் தோலும் முள்ளும் பத்தில் ஒரு பங்கு என்றால் 1780க்குக் கிட்ட. 900 ரூபாய் வித்தியாசம் 225 ஆகிட்டுது.

கோழியும் இதே கதைதான். உயிர்க்கோழி கிலோ 750, உரித்த கோழி 1200 என்று வைப்போம். இறகு, தோல், தலை, கால், குடல் போக ஒரு கிலோவில் 650 கிராம் அளவு மிஞ்சும். அப்ப உரித்த கணக்கில் 1155 ரூபாய். 450 வித்தியாசம் உண்மையில் 45தான். ஈரலையும் இரைப்பையையும் கடைக்காரர் திருப்பித் தராவிட்டால் அதுவும் இல்லை. நிறுக்கிறதுக்கு முன்னம் கோழியின் கழுத்தடியைத் தொட்டுப் பாருங்கோ. தீனிப்பை புடைத்திருந்தால் தீனிக்கும் சேர்த்துத்தான் காசு குடுக்கிறீங்கள்.

இந்தப் பங்குகள் எல்லா வீட்டுக்கும் ஒன்றில்லை. தலையை ஆணத்துக்குப் போட்டுச் சூப்புகிற வீட்டில் திலாப்பியா இன்னும் மலிவு. முள்ளுக்குப் பயந்து பிள்ளைகள் பாதியை ஒதுக்கிற வீட்டில் அது விலைதான். மீனும் மீனும் ஒன்றில்லை: சினை வைத்த மீனில் சதை குறையும், முள்ளோடயே சாப்பிடுகிற நெத்தலியில் வீண்போறது கொஞ்சந்தான்.

அதனால் எங்கட கணக்கை நம்ப வேண்டாம், உங்கட வீட்டில் ஒரு முறை நிறுத்துப் பாருங்கோ. வாங்கினது எவ்வளவு, கழுவினபிறகு எவ்வளவு, சாப்பிட்டு மிஞ்சின முள்ளும் எலும்பும் எவ்வளவு. கழுவின நிறையில் மிச்சத்தைக் கழித்தால் சாப்பிட்டது வரும். குடுத்த காசை அதால் பிரியுங்கோ.

கடைக்காரரிடம் நாங்கள் விலையைக் குறைக்கச் சொல்லவில்லை. பலகையில் 'முழுசு', 'வெட்டினது' என்று ஒரு சொல் கூட எழுதினால் போதும். நாள்சம்பளத்தில் கறி வாங்கிற வீட்டுக்கு அந்த ஒரு சொல்லே பெரிய உதவி.