ரிலீவிங் லெட்டர் இன்னும் வரலையா? கேட்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்

போன வருடம் ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை. சிட்னியில் இரவு பத்தரை மணி, சென்னையில் மாலை ஆறு. எங்கள் ஊர்ப் பையன் ஒருத்தன் கூப்பிட்டான். மெல்போர்னில் ஒரு நிறுவனம் அவனை 482 விசாவில் எடுத்திருந்தது. விசா வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாகிவிட்டது. 24ஆம் தேதி விமானம், 28ஆம் தேதி திங்கட்கிழமை ஜாயினிங்.

"அண்ணா, ரிலீவிங் லெட்டர் இன்னும் வரல. ஃபைனல் செட்டில்மென்ட் முடிஞ்சாதான் தருவாங்களாம். 45 நாள் ஆகும்னு சொல்றாங்க. இங்க ஆஃபர் லிஸ்ட்ல அந்த லெட்டர் இருக்கு. என்ன பண்றது?"

"மெல்போர்ன்ல சொல்லிட்டியா?"

"இல்லண்ணா. சொன்னா ஆஃபரையே கேன்சல் பண்ணிட்டா?"

இந்தப் பயம் எனக்குப் புதிதில்லை. நான் முதன்முதலாக இங்கே வேலைக்கு வந்தபோதும் இதையேதான் செய்தேன். கடிதம் வராததைச் சொல்லாமல் வந்து சேர்ந்தேன். இரண்டாவது வாரத்தில் ஹெச்.ஆர். கேட்டபோது முழித்தேன். கடிதம் இல்லாததைப் பற்றி அவர்கள் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. "முன்னாடியே ஏன் சொல்லல?" என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவில் ரிலீவிங் லெட்டர் என்ற வழக்கமே கிடையாது. இங்கே ஒருவர் வேலையை விட்டால் நோட்டீஸ் கொடுப்பார், கடைசிச் சம்பளம் வாங்குவார், போய்விடுவார். கேட்டால் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை வேலை செய்தார் என்று ஒரு கடிதம் தருவார்கள். 'உன்னை விடுவித்தோம்' என்று சொல்லும் கடிதம் இல்லாமலேயே இந்த நாடு ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் மெல்போர்ன் நிறுவனத்தின் பட்டியலில் அது எப்படி வந்தது? பின்னணி சரிபார்க்கும் ஏஜென்சி இந்தியாவில் இருந்து வருகிறவர்களுக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கும். அதிலிருந்து வந்ததுதான். அதைக் கேட்கிற ஹெச்.ஆர். அம்மாவுக்கே அந்தக் கடிதத்தில் என்ன இருக்கும் என்று தெரியாமல் இருக்கலாம்.

ஆகவே 'லெட்டர் லேட்டாகும்' என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. அந்தக் கடிதம் என்ன நிரூபிக்கிறது என்பதைப் பிரித்துச் சொல்ல வேண்டும். அது சொல்வது மூன்று விஷயம்: இந்த நாளில் சேர்ந்தார், இந்த நாளில் கடைசியாக வேலை செய்தார், ராஜினாமாவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். புதிய முதலாளிக்கு உண்மையில் வேண்டியது இரண்டாவதும் மூன்றாவதும்தான். இவர் இன்னொரு இடத்திலும் வேலையில் இருக்கிறாரா, நோட்டீஸ் காலத்தில் பாதியில் ஓடி வந்தாரா என்பதுதான் அவர்களுடைய சந்தேகம். அதைத் தீர்க்கிற எந்தக் காகிதமும் தற்காலிகமாகப் போதும். தீர்க்காத காகிதத்தை எத்தனை இணைத்தாலும் போதாது.

பையன் என்னிடம் காட்டியது பி.எஃப். பாஸ்புக். நல்ல ஆவணம்தான், பல வருட வேலையை மாதம் மாதமாகக் காட்டும். ஆனால் வேலையை விட்ட தேதி அதில் உடனே ஏறாது. நிறுவனம் ஏற்றாவிட்டால் நாமே ஏற்றலாம். அதற்கும் கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அதனால் சேர்ந்ததை நிரூபிக்கும், விட்டதை நிரூபிக்காது. சம்பளச் சீட்டும் அப்படித்தான்.

விட்டதை நிரூபிப்பது ஒரு சின்ன மின்னஞ்சல். "பழைய ஹெச்.ஆர்.கிட்ட ரிலீவிங் லெட்டர் கேக்காத தம்பி. அது செட்டில்மென்ட்டோட கட்டிப் போட்டிருக்கு, வராது. ரெண்டு வரி கன்ஃபர்மேஷன் மட்டும் கேளு" என்றேன். ராஜினாமா ஏற்கப்பட்டது, கடைசி வேலை நாள் ஜூலை 11, நோட்டீஸ் காலம் முழுதாக முடிந்தது, முறையான கடிதம் கணக்கு முடிந்தபின் வரும். அவ்வளவுதான். பணக் கணக்கைப் பற்றி எதுவும் சொல்லாததால் இதை ஹெச்.ஆர். தயங்காமல் தரலாம். ஆனால் நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து வர வேண்டும். மேனேஜர் தன் ஜிமெயிலில் இருந்து எழுதிக் கொடுத்தால் சரிபார்க்கிற ஏஜென்சி தொட்டுக்கூடப் பார்க்காது.

மறுநாளே வந்தது, ஆனால் ஒரு சிக்கலோடு. அதில் கடைசி நாள் ஜூலை 14 என்று இருந்தது. நோட்டீஸ் காலத்தில் எடுத்த ஒரு நாள் லீவை அவர்களுடைய சிஸ்டம் கடைசியில் கூட்டியிருக்கிறது. சம்பளச் சீட்டிலோ 11. "மூணு நாள்தானேண்ணா" என்றான். மூன்று நாள்தான். ஆனால் பின்னால் வரும் ரிலீவிங் லெட்டரில் ஒரு தேதி, இன்றைக்குக் கொடுப்பதில் ஒரு தேதி என்றால், அன்றைக்குக் கேள்வி கேட்கப்படுவது பழைய ஹெச்.ஆர். இல்லை, இவன். திருத்தி வாங்கச் சொன்னேன். வியாழக்கிழமை திருத்தம் வந்தது. அதற்குப் பிறகுதான் மெல்போர்னுக்கு எழுதினான். அவன் ஆங்கிலத்தில் அனுப்பியதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"28ஆம் தேதி சேரத் தயாராக இருக்கிறேன். நீங்கள் கேட்டவற்றில் ஒன்று, என் பழைய நிறுவனத்தின் விடுவிப்புக் கடிதம், தாமதமாகிறது. இறுதிக் கணக்கு முடிந்த பிறகுதான் அவர்கள் அதைத் தருவார்கள். ஆகஸ்ட் 25 வாக்கில் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். என் கடைசி வேலை நாள் ஜூலை 11. நோட்டீஸ் காலத்தை முழுதாக முடித்துவிட்டேன். இதை உறுதி செய்து அவர்களுடைய ஹெச்.ஆர். அனுப்பிய மின்னஞ்சலையும், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகளையும் இணைத்துள்ளேன். நீங்கள் நேரடியாகச் சரிபார்க்க அவர்களுடைய அலுவலக முகவரியும் கீழே உள்ளது. இவற்றைத் தற்காலிக ஆவணமாக ஏற்றுக்கொண்டு, திட்டமிட்ட நாளில் சேர அனுமதிப்பீர்களா? கடிதம் வந்த அன்றே அனுப்பிவிடுவேன். இல்லையென்றால் திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள், பயணத் தேதியை மாற்றிக்கொள்கிறேன்."

இதில் மன்னிப்பு இல்லை, பழைய கம்பெனியைப் பற்றிப் புலம்பலும் இல்லை. எது வரவில்லை, எப்போது வரும், இப்போது கையில் என்ன இருக்கிறது, அவர்கள் எதை முடிவு செய்ய வேண்டும் என்பது மட்டும்தான். கடைசி வரி முக்கியம். முடிவெடுக்க ஒரு நாள் குறித்துக் கொடுத்தால், அந்த மின்னஞ்சல் யாருடைய பெட்டியிலும் தூங்காது.

திங்கட்கிழமை மெல்போர்னிலிருந்து போன் வந்தது. "நோ வொரீஸ், வந்து சேருங்க" என்றார்களாம். பையன் துள்ளிக் குதித்தான். நான் குதிக்க விடவில்லை. "இப்ப பேசினதை அப்படியே ஒரு மெயில்ல போட்டு, சரிதானேன்னு கேளு" என்றேன். கேட்டான். பதிலில்தான் நிபந்தனை தெரிந்தது: கடிதம் செப்டம்பர் 26க்குள் வர வேண்டும், அதுவரை ஆஃபர் சரிபார்ப்புக்கு உட்பட்டது. போனில் யாரும் இதைச் சொல்லவில்லை. கடைசியில் கடிதம் செப்டம்பர் 2ஆம் தேதி வந்தது. தேதி பொருந்தியது. விஷயம் முடிந்தது.

சிட்னியிலும் மெல்போர்னிலும் ஏற்கனவே 482 விசாவில் இருந்துகொண்டு கம்பெனி மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரிலீவிங் லெட்டர் என்பது முதலாளி தானாக வைத்துக்கொண்ட நிபந்தனை. அவரே நினைத்தால் தள்ளி வைக்கலாம். விசா நிபந்தனை அப்படி இல்லை. புதிய ஸ்பான்சரின் நாமினேஷன் அங்கீகரிக்கப்படும் வரை அவரிடம் வேலை தொடங்கக் கூடாது. அதற்குத் தற்காலிக ஆவணம் எதுவும் கிடையாது, ஹெச்.ஆர். "பரவாயில்லை, வாங்க" என்று சொன்னாலும் போகக் கூடாது. வெளிநாட்டிலிருந்து முதன்முறை வருகிறவருக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. வந்து 90 நாளுக்குள் வேலையைத் தொடங்கினால் போதும். ஜாயினிங் இரண்டு வாரம் தள்ளிப் போனால் விசா போய்விடும் என்று பையன் நடுங்கினான். போகாது.

அவன் சொல்லத் தயங்கிச் சொன்ன இன்னொன்றும் இருக்கிறது. அந்த செவ்வாய்க்கிழமையே ஒரு நண்பன் அவனிடம், "லெட்டர்ஹெட் இருக்கு, நானே ஒண்ணு அடிச்சுத் தர்றேன்" என்று சொல்லியிருக்கிறான். 45 நாளில் எப்படியும் உண்மையான கடிதம் வரப்போகிறது, நடுவில் யாருக்கு நஷ்டம் என்பது வாதம். நஷ்டம் இவனுக்குத்தான். ஏஜென்சி பழைய நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டால் 'நாங்கள் அப்படி ஒரு கடிதம் தரவில்லை' என்று பதில் வரும், வேலை அன்றைக்கே போகும். அதே காகிதம் பிறகு பி.ஆர்.க்காக ஏ.சி.எஸ். மதிப்பீட்டுக்கோ குடிவரவுத் துறைக்கோ போனால், போலி ஆவணம் என்ற காரணத்தால் விசா மறுக்கப்பட்டு, மூன்று வருடத் தடையும் வரலாம். 45 நாள் காத்திருக்கப் பயந்து மூன்று வருடத்தைப் பணயம் வைப்பதா?

இதையெல்லாம் பையனுக்கு மட்டும் சொல்லி நிறுத்த எனக்கு மனமில்லை. இன்றைக்கு சிட்னியிலும் மெல்போர்னிலும் ஆள் எடுக்கிற நாற்காலியில் நம்மவர்கள் எத்தனையோ பேர் உட்கார்ந்திருக்கிறோம். அந்தக் கடிதம் ஏன் தாமதமாகும் என்று அறையில் இருக்கும் வெள்ளைக்கார மேனேஜரைவிட நமக்குத்தான் நன்றாகத் தெரியும். இருந்தும், "டாக்குமென்ட் கம்ப்ளீட் இல்லையே" என்று முதலில் முகம் சுளிப்பதும் சில நேரம் நாம்தான். போன மாதம் என் டீமுக்கு ஹைதராபாத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு இதே தாமதம். பத்து நாள் முன்னதாகவே எழுதிவிட்டார், கடைசி வேலை நாளை உறுதி செய்யும் மின்னஞ்சலோடு. எங்கள் ஹெச்.ஆர். என்னிடம் "இது என்ன கடிதம்? இல்லாமல் சேர்க்கலாமா?" என்று கேட்டார். ஐந்து நிமிடம் விளக்கினேன். அந்தப் பெண் குறித்த நாளில் வந்து சேர்ந்தார்.