லாக்புக்கில் கையெழுத்து, சிரிஞ்சில் குழப்பம்

எம்.எஸ்ஸி. நர்சிங் மாணவிகள் பாடத்திட்ட மதிப்பீட்டுக்காக எழுதும் அறிக்கைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வருகின்றன. தர அங்கீகார அளவுகோல்களுக்கு ஓர் அத்தியாயம், படித்து முடித்தவர்களின் கருத்துக்கு ஒன்று, வேலை தருபவர்களின் கருத்துக்கு ஒன்று. மூன்றிலும் சராசரி ஐந்துக்கு நான்கைத் தாண்டிவிடும். பாடத்திட்டத்தில் எதை மாற்றுவது என்பதற்கு மட்டும் அறிக்கையில் பதில் இருக்காது.

நாக் அமைப்பின் முதல் அளவுகோலே மாணவர், ஆசிரியர், வேலை தருபவர், முன்னாள் மாணவர் ஆகியோரிடம் பாடத்திட்டம் பற்றிக் கருத்துப் பெறச் சொல்கிறது. பெற்றதை வைத்து என்ன செய்தீர்கள் என்றும் கேட்கிறது. முதல் பாதிக்குக் கல்லூரிகள் கோப்பு கோப்பாகச் சான்று வைத்திருக்கின்றன. இரண்டாம் பாதியில்தான் தடுமாற்றம். நம் யோசனை இதுதான்: மூன்று தரப்பையும் தனித்தனியே கேட்காமல், ஒரே ஒரு திறனின் மேல் குவியுங்கள். இன்சுலின் போடுவதை எடுத்துக்கொள்வோம்.

அளவுகோலின் பக்கம் எல்லாம் சரியாக இருக்கும். இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி, பட்டம் பெறுவதற்குள் செய்முறைப் போஸ்டிங் ஒவ்வொன்றிலும் நூறு சதவீத வருகை வேண்டும். லாக்புக்கில் தோலடி ஊசிக்கான வரிசையில் ஆசிரியரின் கையெழுத்தும் இருக்கும். ஆனால் மாணவி எந்தக் குப்பியிலிருந்து, எந்தச் சிரிஞ்சில் மருந்து எடுத்தாள் என்று அந்தக் கையெழுத்து சொல்வதில்லை. நம் ஊரில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. சிவப்பு மூடிச் சிரிஞ்ச் முன்னதற்கு, ஆரஞ்சு மூடி பின்னதற்கு. 40 யூனிட் குப்பியிலிருந்து ஆரஞ்சுச் சிரிஞ்சில் 10 கோடு வரை எடுத்தால் நோயாளிக்குப் போவது 4 யூனிட்தான். மாற்றி எடுத்தால் 25 யூனிட். சர்க்கரை சரிந்து நோயாளி மயங்க இது போதும். ஒரே வகைக் குப்பி மட்டும் புழங்கும் வார்டில் போஸ்டிங் முடித்தவளுக்கு இந்தக் குழப்பம் வர வாய்ப்பே இல்லை, வேலைக்குச் சேரும்வரை.

படித்து முடித்தவர்களிடம் "மருந்து கொடுப்பதில் தன்னம்பிக்கை உண்டா?" என்று கேட்டால் உண்டு என்றே சொல்வார்கள், அதுவும் சான்றிதழ் வாங்க வந்த நாளில் கேட்டால். வேலையில் ஆறு மாதம் கழிந்தபின், "வார்டுக்குப் போய்ப் புதிதாகக் கற்றுக்கொண்டது என்ன?" என்று கேளுங்கள். பதில் போடாதவர்களையும் கவனியுங்கள். வளைகுடாவுக்குப் போனவர்களும் இந்த வேலையையே விட்டவர்களும்தான் வாட்ஸ்அப் குழுவில் மௌனமாக இருப்பார்கள். அறுபது பேரில் இருபது பேர் பதில் தந்தால் அது அந்த இருபது பேரின் கருத்து. அதை வகுப்பின் சராசரி என்று எழுதுவது தவறு.

வேலை தருபவர் விஷயம் இன்னும் சிக்கலானது. அபிராமபுரம், மயிலாப்பூர், அடையாறு வட்டாரத்தில் பல நர்சிங் கல்லூரிகளுக்குத் தாய் மருத்துவமனை உண்டு. போஸ்டிங் தருவதும் அதுவே, பிறகு வேலை தருவதும் அதுவே. அங்கே நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் நிரப்பும் படிவம், வீட்டுப் பிள்ளைக்கு வீட்டார் தரும் நற்சான்று. புது ஸ்டாஃபோடு டூட்டி பார்க்கும் இன்சார்ஜ் சிஸ்டரிடம் போங்கள். "திருப்தியா?" என்று கேட்காமல், "முதல் மூன்று மாதத்தில் எதை மறுபடி சொல்லித்தர வேண்டியிருந்தது?" என்று கேளுங்கள். வேறு கல்லூரியிலிருந்து வந்தவர்களுக்கும் அதையே சொல்லித்தர வேண்டியிருந்ததா என்றும் கேட்டுவிடுங்கள்.

இந்தக் கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. காரணத்தைப் பிரித்துக் காட்டுவது இதுதான். ஒரே மருத்துவமனையிலிருந்து மட்டும் புகார் வந்தால், குறை அங்கே சேர்க்கும்போது தரும் பயிற்சியில் இருக்கலாம். எந்தக் கல்லூரிப் பெண் வந்தாலும் சிரிஞ்சில் தயங்குகிறாள் என்றால், கல்லூரிகளுக்குப் பொதுவான ஏதோ ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும். மற்றவர்கள் சரியாகச் செய்ய, நம் பெண்கள் மட்டும் பல இடங்களில் தடுமாறினால், லாக்புக்கைத் திறந்து போஸ்டிங் பட்டியலோடு ஒப்பிட வேண்டியது நாம். இரண்டு மூன்று பேர் சொன்னதை வைத்து முடிவுகட்ட முடியாது என்பது உண்மைதான். ஆனால் எங்கே தோண்டுவது என்று அது காட்டிவிடும்.

திருத்தம் என்றதும் பாடநேரத்தைக் கூட்டச் சொல்லிப் பரிந்துரை எழுதுகிறார்கள். 2021இல் அரசிதழில் வந்த எட்டு செமஸ்டர் பி.எஸ்ஸி. பாடத்திட்டம் கவுன்சிலுடையது. அதில் கல்லூரி கை வைக்க முடியாது. எந்த வார்டுக்கு அனுப்புவது, ஸ்கில் லேபில் என்ன வைப்பது, அகமதிப்பீட்டில் எதைச் சோதிப்பது ஆகியவை நம் கையில் உள்ளவை. இரண்டு வகைக் குப்பியையும் இரண்டு வகைச் சிரிஞ்சையும் கலந்து மேசையில் வைத்து, மருந்துச் சீட்டைக் கொடுத்து, சரியான ஜோடியை எடுக்கச் சொல்லும் ஒரு சோதனை நிலையத்துக்குப் பத்து நிமிடம் போதும். அடுத்த அணி வேலைக்குச் சேர்ந்த ஆறாம் மாதம் அதே இன்சார்ஜ் சிஸ்டர்களிடம் அதே கேள்வியைக் கேட்டு, இரண்டு பதில்களையும் அருகருகே வைத்து அறிக்கையில் சேருங்கள்.