நைட் ஷிஃப்ட் முடிச்சு ரத்தப் பரிசோதனை: ட்ரைகிளிசரைடு ஏன் எகிறுது?

இரவுப் பணி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே காலை 7 மணிக்கு லேபில் ரத்தம் கொடுத்துவிடுவது, சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் வேலை பார்க்கும் பலருக்கு வசதி. ஆனால் ரிப்போர்ட்டில் ட்ரைகிளிசரைடு எகிறியிருக்கும். 'எண்ணெய்ப் பலகாரம் பக்கமே போறதில்லையே, எப்படி?' என்ற குழப்பம் வரும்.

என்ன சாப்பிட்டோம் என்பதோடு எப்போது சாப்பிட்டோம் என்பதும் இதில் சேர்த்தி. நள்ளிரவில் இன்சுலின் மந்தமாகத்தான் வேலை செய்யும். பகலில் சாப்பிட்டால் சீக்கிரம் அடங்கிவிடும் அதே உணவு, இரவு 2 மணிக்கு உள்ளே போனால் அதன் சர்க்கரையும் கொழுப்பும் ரத்தத்தில் கூடுதல் நேரம் சுற்றும். தூக்கம் குறைந்து, டென்ஷனும் ஓயாமல் இருந்தால் கார்டிசோல், அட்ரினலின் சுரப்பு கூடும். இவை உடலில் சேர்ந்த கொழுப்பைக் கரைத்து ரத்தத்தில் விடுகின்றன. கல்லீரல் அதை வாங்கி ட்ரைகிளிசரைடாக மாற்றி மறுபடி ரத்தத்துக்கே அனுப்புகிறது. கூடவே நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறையலாம்.

சரி, ஒரு கற்பனை ரிப்போர்ட்டைப் பார்ப்போம். வயது 29, கால் சென்டர் வேலை. மொத்தக் கொலஸ்ட்ரால் 210, எச்.டி.எல். 36, ட்ரைகிளிசரைடு 260, எல்.டி.எல். 122. 'கெட்ட கொழுப்பு பரவாயில்லையே' என்று தோன்றும். ஆனால் பல லேப்கள் எல்.டி.எல்.லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துவிடுகின்றன: 210 − 36 − 52 = 122.

இவர் கேன்டீனில் சாப்பிட்டது அதிகாலை 3 மணிக்கு. அதாவது, பரிசோதனைக்கு 4 மணி நேரம் முன்புதான். விடுமுறை நாளில் இரவு நன்றாகத் தூங்கி, 12 மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து மறுபடி பார்க்கிறார். ட்ரைகிளிசரைடு 190, மற்ற இரண்டும் அப்படியே. இப்போது கணக்குப்படி எல்.டி.எல். 136! கொழுப்பு ஏறவில்லை, முன்பு சாப்பாடு அதை மறைத்திருந்தது, அவ்வளவுதான்.

இரண்டு தடவையும் மாறாத எண் ஒன்று உண்டு. மொத்தத்தில் எச்.டி.எல்.லைக் கழித்தால் வரும் 174. 130-க்குக் கீழே இருக்க வேண்டியது இது. ஷிஃப்ட்காரர்கள் ரிப்போர்ட்டில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான் என்பேன். 12 மணி நேரம் வயிறு காலியாக இருந்தும் ட்ரைகிளிசரைடு 150-க்கு மேல் நிற்பதையும் சாப்பாட்டு நேரக் கோளாறு என்று தள்ளிவிட முடியாது.

அதற்காக எல்லாப் பழியையும் ஷிஃப்ட் மேல் போடவும் கூடாது. எல்.டி.எல். 190-ஐத் தாண்டினால் பரம்பரைக் காரணமா, தைராய்டு குறைவா என்று டாக்டர் பார்க்க வேண்டும். ட்ரைகிளிசரைடு 500-ஐத் தாண்டினால் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. அங்கே தள்ளிப்போடும் பேச்சே கிடையாது.

நைட் ஷிஃப்டை விட முடியாதவர்கள் முக்கியச் சாப்பாட்டை வேலைக்குக் கிளம்பும் முன்பே முடித்துவிட்டு, நடுராத்திரியில் கொஞ்சமாக ஏதாவது எடுத்துக்கொள்ளலாம். ரத்தம் கொடுக்கும்போது கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும், டாக்டரிடம் ஷிஃப்ட் நேரத்தையும் சொல்லிவிடுங்கள்.